ஹஜ்ரத்துக்கு எழுதிய அழைப்புக் கடிதம்: ஒரு பங்கு இளையோர் குழுவின் நிகழ்வு ஆய்வு

2025-ல் தவக்காலமும் ரமலானும் ஒரே வாரத்தில் தொடங்கின. மார்ச் 5, தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதன். அதற்குச் சில நாள் முன்பே ரமலான் நோன்பு ஆரம்பித்திருந்தது. ரமலான் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போவதால், இரண்டும் இப்படிச் சேர்ந்து வருவது சில ஆண்டுகளுக்கு மட்டும்தான். திருச்சி மாவட்டத்தில் ஒரு சிறு ஊர். கடைத்தெருவின் ஒரு முனையில் பள்ளிவாசல், மறுமுனையில் கத்தோலிக்கத் தேவாலயம். அந்தப் பங்கின் இளையோர் இயக்கத்தார், 15 முதல் 25 வயது வரை உள்ளவர்கள், ஹஜ்ரத் என்று மரியாதையாக அழைக்கப்படும் பள்ளிவாசல் இமாமை அழைத்துப் பேசவைக்க வேண்டும் என்று விரும்பினார்கள். அவர்கள் எழுதிய அழைப்பு மூன்று முறை மாறியது. அந்த மாற்றங்களைத்தான் இங்கே ஆராய்கிறேன். சமய உரையாடல் பணியில் இருப்பவன் என்ற முறையில் அவர்களோடு உட்கார்ந்து அந்தக் கடிதத்தைப் படித்தவன் நான்.

முதலில், அழைக்கலாமா என்ற கேள்வியே பங்குப் பேரவையில் எழுந்தது. "பிள்ளைகளுக்கு நம்ம மறைக்கல்வியே பாதி தெரியாது, இதுல இது எதுக்கு?" என்றார் ஒரு பெரியவர். அந்தக் கவலையை அலட்சியம் செய்யக் கூடாது. பங்குத்தந்தை அவருக்குப் பதிலாக இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏட்டிலிருந்து ஒரு பகுதியைப் படித்துக் காட்டினார். 1965 அக்டோபர் 28 அன்று வெளியான, பிற சமயங்களைப் பற்றிய அந்த ஏட்டின் மூன்றாம் எண்ணில், இஸ்லாமியர் மன்றாட்டாலும் தர்மத்தாலும் நோன்பாலும் கடவுளை வழிபடுகிறார்கள் என்றும் திருச்சபை அவர்களை மதிப்போடு நோக்குகிறது என்றும் இருக்கிறது. நோன்பு என்ற சொல் அதிலேயே இருந்தது இளையோருக்குப் பிடித்துப்போனது. தலைப்பு அங்கேயே பாதி முடிவாகிவிட்டது.

அடுத்த கேள்வி, யாரை அழைப்பது. இரண்டு பெயர்கள் பேசப்பட்டன. ஒருவர் மேடை விவாதங்களில் பேர் பெற்றவர், காணொளிகளில் வருபவர். மற்றவர் உள்ளூர் இமாம். நன்றாகப் பேசுகிறவர் என்பதால் முதலாமவரையே பலரும் கேட்டார்கள். விவாத மேடையில் பழகியவருக்கு எதிராளி தேவைப்படுவார். எதிராளியாக உட்காரப்போவது இந்தப் பிள்ளைகள்தான். உள்ளூர் இமாமோ பேசி முடித்துவிட்டு மறுநாளும் அதே தெருவில் அவர்களைப் பார்க்கப் போகிறவர். அவரையே அழைப்பது என்று முடிவானது.

முதல் கடிதம்

இயக்கத்தின் செயலாளர், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண், முதல் கடிதத்தை எழுதினாள். பாசமான கடிதம். "இயேசுவில் பிரியமான ஐயா" என்று தொடங்கியது. பங்கில் எல்லாக் கடிதமும் அப்படித்தான் தொடங்கும், கை தானாக எழுதியிருக்கிறது. "இஸ்லாமும் கிறிஸ்தவமும் காட்டும் அமைதி வழி" என்பது தலைப்பு. ஞாயிறு மாலை 6 முதல் 7.30 வரை, ஆலயத்தில். தேநீரும் சிற்றுண்டியும் உண்டு. நிகழ்ச்சி நிரலில் முதலில் இறைவணக்கப் பாடல், பிறகு சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றுவார். கடைசியில் ஒரே ஒரு விதி: "மத உணர்வுகளைப் புண்படுத்தாமல் பேசுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் பெறுகிறவர் இடத்திலிருந்து படித்தால் தடங்கல் ஒவ்வொன்றாகத் தெரியும். மார்ச் நடுவில் திருச்சிப் பக்கம் சூரியன் மறைவது ஏறக்குறைய 6.25 மணிக்கு. நோன்பு திறப்பதும் மக்ரிப் தொழுகையும் அப்போதுதான். ஊரின் இமாம் அந்த நேரத்தில் பள்ளிவாசலில் இல்லாமல் இருக்க முடியாது. 6 மணிக்கு அழைத்தால் வர முடியாது என்றுதான் சொல்வார், காரணத்தை விளக்கவும் கூச்சப்படுவார். குத்துவிளக்கு நம் ஊர் விழாக்களில் எல்லாரும் ஏற்றுவதுதான், தேவாலயங்களிலும் ஏற்றுகிறோம். ஆனாலும் அதை வழிபாட்டுச் செயலாகப் பார்த்துத் தவிர்க்கும் இஸ்லாமியர்கள் பலர். மேடையில் எல்லார் முன்னிலும் தீக்குச்சியைக் கையில் கொடுத்தபின் அவர் மறுப்பதும் சங்கடம், மறுக்காமல் இருப்பதும் சங்கடம்.

தலைப்புதான் எல்லாவற்றையும்விடச் சிக்கலானது. "இஸ்லாமும் கிறிஸ்தவமும்" என்று போட்டுவிட்டால் விருந்தினர் கிறிஸ்தவத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். கிறிஸ்தவர்கள் முன்னால் ஓர் இமாம் கிறிஸ்தவத்தை எடுத்துச் சொன்னால், எவ்வளவு நல்ல மனதோடு சொன்னாலும், கேட்பவர்கள் திருத்தக் கிளம்புவார்கள். அமைதி என்ற சொல்லும் அவரை ஒரு தற்காப்பில் நிறுத்துகிறது. செய்திகளில் எங்கோ நடந்த வன்முறைக்கெல்லாம் அவர் இங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும். எந்தத் தலைப்பில் அவர் தன் அன்றாட வாழ்க்கையிலிருந்து பேச முடியுமோ அதுதான் சரியான தலைப்பு. நோன்பு அப்படிப்பட்டது. அவர் அன்றைக்கும் நோன்போடுதான் வந்திருப்பார்.

இரண்டாம் கடிதமும் ஒரு தொலைபேசிப் பேச்சும்

இரண்டாம் வரைவில் நேரம் 5 மணி ஆனது, பிற்பகல் தொழுகையான அஸரை முடித்து வர வசதியாக. இடம் ஆலயம் அல்ல, பக்கத்திலுள்ள பங்கு மண்டபம். தலைப்பு "நோன்பு என் நாளை எப்படி மாற்றுகிறது". குத்துவிளக்கும் தேநீரும் போயின. விதிகள் மட்டும் கூடிவிட்டன, கூடியவை எல்லாம் விருந்தினரைக் கட்டும் விதிகள். அதில் மூன்றாவது: "கிறிஸ்தவ நம்பிக்கை பற்றி எதுவும் குறிப்பிட வேண்டாம்."

கடிதத்தை நேரில் கொடுக்கும் முன், ஊரில் இரு பக்கமும் பழக்கமுள்ள ஒரு மளிகைக்கடைக்காரர் மூலம் தொலைபேசியில் பேசிப் பார்க்கச் சொன்னேன். முறையான கடிதம் போவதற்கு முன் இப்படி ஒரு பேச்சு அவசியம். எழுத்தில் வந்த விதிக்கு மறுப்புச் சொன்னால் சண்டையாகத் தெரியும், பேச்சில் சொன்னால் யோசனையாகிவிடும். ஹஜ்ரத் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். நோன்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் அவர் முதலில் ஓத வேண்டியது குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 183-ஆம் வசனம். நம்பிக்கை கொண்டோரே, உங்களுக்கு முன் இருந்தவர்கள்மீது கடமையாக்கப்பட்டதுபோல் உங்கள்மீதும் நோன்பு கடமையாக்கப்பட்டிருக்கிறது என்பது அதன் கருத்து. "அந்த முன்னிருந்தவங்கள்ல உங்க பெரியவங்களும் வர்றாங்கன்னுதான் எங்க விளக்கம். அதைச் சொல்லாம நான் எப்படித் தொடங்குறது?"

எனக்கு இந்த நிகழ்வில் மிக முக்கியமான இடம் இதுதான். பத்திரமாக இருக்கட்டும் என்று போட்ட விதி, அவருடைய பேச்சின் முதல் வசனத்தையே தடை செய்துவிட்டது. அதுவும் எந்த வசனம்? இரு சமூகத்தையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்கிற வசனம். பிற மதத்தைக் குறிப்பிடாதே என்ற விதி பெரும்பாலும் இப்படித்தான் போய் முட்டும். கிறிஸ்தவமும் இஸ்லாமும் தமக்கு முன் வந்த சமயங்களைக் குறிப்பிடாமல் தம்மைத் தாமே விளக்க முடியாதவை. ஆகவே குறிப்பிடுவதைத் தடுப்பதில் பயனில்லை. எடைபோடுவதைத்தான் தடுக்க வேண்டும்: எது சரி, எது பிழை, எது உயர்ந்தது, எது திரிந்துபோனது என்று தீர்ப்புச் சொல்வது வேண்டாம். இந்தக் கோடு அவருக்கும் புரியும், கூட்டத்தில் இருக்கும் பதினாறு வயதுப் பையனுக்கும் புரியும். "புண்படுத்தாமல்" என்ற சொல்லில் அப்படி எந்தக் கோடும் இல்லை. எது புண்படுத்தும் என்று முடிவு செய்கிறவர் கேட்பவர், அதுவும் கேட்டு முடித்த பிறகுதான்.

இன்னொன்றையும் அந்தப் பேச்சு காட்டியது. இமாம், பள்ளிவாசல் சமூகத்தின் அமைப்பான ஜமாஅத்தின் கீழ் பணிசெய்பவர். தேவாலயத்து நிகழ்ச்சிக்குப் போக நிர்வாகிகளிடம் சொல்லியாக வேண்டும். அவர்கள் கேட்கும்போது எடுத்துக் காட்ட அவர் கையில் ஒரு தாள் வேண்டும். அதனால் அழைப்பை ஹஜ்ரத் ஒருவர் மட்டும் படிப்பார் என்று எண்ணி எழுதக் கூடாது. பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி படிப்பார், இந்தப் பக்கம் பிள்ளைகளின் பெற்றோரும் படிப்பார்கள். இவர்கள் எல்லாரும் கேட்கக்கூடிய முதல் கேள்வி ஒன்றே: இது மதம் மாற்றும் வேலையா? கடிதம் அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும், இரு பக்கத்துக்கும் பொருந்தும்படி.

அனுப்பிய கடிதம்

மூன்றாம் வரைவுதான் அச்சிட்டு, பங்குத்தந்தையின் கையொப்பத்தோடு, நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பு நேரில் கொடுக்கப்பட்டது. பெயர்களை நீக்கி அப்படியே தருகிறேன்.

"மதிப்பிற்குரிய ஹஜ்ரத் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பங்கின் இளையோர் இயக்கம் ஞாயிறுதோறும் மாலையில் கூடுகிறது. ஏறத்தாழ நாற்பது பேர், 15 வயது முதல் 25 வயது வரை. இவ்வாண்டு எங்கள் தவக்காலமும் உங்கள் ரமலானும் ஒன்றாக வந்திருக்கின்றன. நாங்களும் இந்நாட்களில் ஒருசந்தியும் சுத்தபோசனமும் கடைப்பிடிக்கிறோம். எங்கள் தெருவிலேயே நோன்பிருக்கும் உங்களிடமிருந்து அதைப் பற்றிக் கேட்க விரும்புகிறோம்.

தலைப்பு: நோன்பு என் நாளை எப்படி மாற்றுகிறது. மார்ச் 16, ஞாயிறு மாலை 5 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடித்துவிடுவோம். உரை 25 நிமிடம், கேள்விகள் 25 நிமிடம். மக்ரிபுக்குள் நீங்கள் பள்ளிவாசலில் இருக்க வண்டி ஏற்பாடு செய்திருக்கிறோம். இடம் பங்கு மண்டபம். எங்கள் செபத்தை நீங்கள் வருமுன் முடித்துவிடுவோம். நீங்கள் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குவதிலும் வசனங்களை ஓதிப் பொருள் சொல்வதிலும் எங்களுக்குத் தடையில்லை. கூட்டாக வழிபாடு எதுவும் நடக்காது. விளக்கேற்றுதல் இல்லை. இளைஞர் ஒருவர் பொன்னாடை போர்த்துவார், வேண்டாமென்றால் முன்கூட்டிச் சொல்லுங்கள்.

நாங்கள் கடைப்பிடிக்கப் போவது: கேள்விகள் துண்டுத்தாளில் மட்டும் வரும், ஒருங்கிணைப்பாளர் படிப்பார். அரசியல் பற்றியோ, வேறிடங்களில் நடந்தவை பற்றியோ உங்களிடம் விளக்கம் கேட்க மாட்டோம். எந்தக் கேள்வியையும் காரணம் சொல்லாமல் நீங்கள் விட்டுவிடலாம். உங்கள் அனுமதியின்றிப் படமோ ஒலிப்பதிவோ எடுக்க மாட்டோம். உங்களை எங்கள் மதத்துக்கு அழைக்கும் பேச்சு யாரிடமிருந்தும் வராது.

உங்களிடம் வேண்டுவது: உங்கள் மரபில் நீங்கள் வாழ்வதைச் சொல்லுங்கள். எங்கள் மரபைக் குறிப்பிட வேண்டி வந்தால் தாராளமாகக் குறிப்பிடுங்கள், எது சரி என்ற ஒப்பீடு மட்டும் வேண்டாம். இயேசுவைப் பற்றிய கேள்வி வந்தால் உங்கள் நம்பிக்கை இன்னது என்று சுருக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம், அதை நாங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டோம். இளையோரை இஸ்லாத்துக்கு அழைக்கும் பேச்சும் நூல் வழங்குவதும் வேண்டாம்.

இவ்விதிகளில் ஏதேனும் உங்களுக்கு இயலாதென்றால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறோம். இதன் நகலை ஜமாஅத் தலைவர் அவர்களுக்கும் கொடுத்திருக்கிறோம். எங்கள் இளையோர் கேட்க நினைத்திருக்கும் கேள்விகள் சிலவற்றை இணைத்துள்ளோம்."

இதில் வரிசையைக் கவனிக்க வேண்டும். அழைத்தவர்கள் தங்களைக் கட்டிக்கொள்ளும் விதிகள் முதலில் வருகின்றன, விருந்தினரிடம் கேட்பவை பிறகு. எண்ணிக்கையிலும் முதல் பகுதிதான் கூடுதல். நாற்பது பேர் நடுவே தனியாக வந்து உட்காரப் போகிறவர் அவர். பாதுகாப்பு அவருக்குத்தான் வேண்டும். ஒருவரை வீட்டுக்கு அழைத்துவிட்டு வாசலில் அவருக்கு மட்டும் சட்டம் படிப்பதைப் போன்ற தொனி இரண்டாம் கடிதத்தில் இருந்தது. வரிசை மாறியதும் அது போய்விட்டது. கேள்விகளை முன்கூட்டியே அனுப்பியதில் ஒரு லாபமும் உண்டு: அவர் தயாராவது ஒரு பக்கம், இந்தக் குழுவின் மனம் எப்படிப்பட்டது என்பதை அவர் அந்தக் கேள்விகளிலிருந்தே தெரிந்துகொள்வார்.

பதினெட்டு வயது ஆகாதவர்களின் பெற்றோருக்கும் இதே கடிதத்தின் நகல் போனது. ஒரு தந்தை மகனை அனுப்ப மறுத்தார். அவரோடு யாரும் வாதாடவில்லை.

துண்டுத்தாள்கள்

கடிதம் போவதற்கு முந்தின ஞாயிறே கேள்விகளை வாங்கிவிட்டார்கள். பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னதால் மனதில் இருந்தது அப்படியே வந்தது. ஒருங்கிணைப்பாளரும் செயலாளரும் அவற்றை மூன்றாகப் பிரித்தார்கள்: அப்படியே கேட்கலாம், சொல் மாற்றிக் கேட்கலாம், இங்கே கேட்க வேண்டாம். நடுப் பிரிவுக்குத்தான் வேலை அதிகம். "நோன்பு வைக்காட்டி வீட்ல அடிப்பாங்களா?" என்று ஒரு தாள். கிண்டலாக எழுதியது என்று தள்ளப் பார்த்தார்கள். ஆனால் அதற்குள் ஓர் உண்மையான கேள்வி இருக்கிறது. "நோன்பு வைக்க முடியாதவர்களுக்கு என்ன விதி?" என்று மாற்றினார்கள். "பகலில் பட்டினி கிடந்து இரவில் பிரியாணி சாப்பிட்டால் அது நோன்பா?" என்பதை "இஃப்தாரில் அதிகம் சாப்பிடுவதைப் பற்றி உங்கள் மார்க்கம் என்ன சொல்கிறது?" என்றார்கள். கேட்டவனின் குத்தல் போய்விட்டது, கேள்வி போகவில்லை. கேள்வியையும் சேர்த்துக் கழித்துவிட்டால் எழுதியவன் அடுத்த முறை எழுத மாட்டான், இணையத்தில் தேடப் போவான்.

அன்று மாலை

ஹஜ்ரத் அந்த 183-ஆம் வசனத்தோடுதான் தொடங்கினார். விடியுமுன் ஸஹருக்கு எழுவது, பிற்பகலில் குரல் தளர்வது, அந்த நேரத்தில் வகுப்பில் பிள்ளைகளிடம் கோபப்படாமல் இருப்பது எப்படிக் கடினம், பள்ளிவாசல் கஞ்சியை வாங்க எல்லா மதத்துப் பிள்ளைகளும் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பது என்று பேசினார். முடியாதவர்களுக்கான விதி பற்றிய கேள்விக்கு, நோயாளியும் பயணியும் பிறகு வேறு நாட்களில் நோற்கலாம், தீராத நோயுள்ளவர் ஈடாக ஏழைக்கு உணவளிக்கலாம் என்று விளக்கினார். பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களில் நோன்பு இல்லை, அந்த நாட்களைப் பின்னால் நிறைவு செய்ய வேண்டும் என்பதையும் அதே குரலில் சொன்னார். மண்டபத்தில் பையன்கள் தலைகுனிந்தார்கள். அவருக்குக் கூச்சமில்லை. அது மார்க்கச் சட்டத்தில் அவர் வழக்கமாகச் சொல்லிக்கொடுக்கும் பாடம்தான்.

கேள்வி நேரம் முடியும் தறுவாயில் விதி மீறப்பட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து வாயாலேயே கேட்டான்: "அப்போ இயேசு வெறும் நபிதானா உங்களுக்கு?" ஒருங்கிணைப்பாளர் அவனை உட்காரச் சொல்லவில்லை, அதட்டவும் இல்லை. "இது தாளில் வராத கேள்வி. ஹஜ்ரத் விரும்பினால் சுருக்கமாகச் சொல்லலாம், விட்டுவிடவும் செய்யலாம்" என்றார், கடிதத்தில் இருந்ததைப் போலவே. அவர் சொன்னார்: "ஈசா நபின்னு மதிக்கிறோம். அவங்க தாயார் மர்யம் பேரில் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கு. நீங்க நம்புறதும் நாங்க நம்புறதும் இதில் வேறதான். அதை உங்க ஃபாதர்ட்ட கேளுங்க தம்பி, அவர் நல்லாச் சொல்வார்." கூட்டத்தில் சலசலப்பு எழவில்லை. முன்கூட்டி எழுதிவைத்த அந்த ஒரு வரி இல்லையென்றால், அவர் மழுப்பியிருக்க வேண்டும் அல்லது விளக்கத் தொடங்கியிருக்க வேண்டும். விளக்கத் தொடங்கினால் சிலுவை வரும், மூவொரு கடவுள் வரும், நோன்பு காணாமல் போகும்.

கூட்டம் தடம் மாறுவதை எப்படிக் கண்டுகொள்வது என்று அந்த ஒருங்கிணைப்பாளரிடம் முன்பே பேசியிருந்தோம். பேசுகிறவரின் வாக்கியங்கள் "நாங்கள்" என்று தொடங்கும்வரை கவலையில்லை. "உங்கள் பைபிளில்" என்றோ, கேட்பவர் பக்கம் "உங்கள் குர்ஆனில்" என்றோ தொடங்கினால் அடுத்த தாளை எடுத்துவிட வேண்டும். அன்று ஒரே ஒரு முறைதான் அதற்குத் தேவை வந்தது. இஃப்தார் கேள்வியின்போது ஓர் இளைஞன் குறுக்கிட்டு அப்படித் தொடங்கினான், அடுத்த தாள் படிக்கப்பட்டது, அவ்வளவுதான்.

இத்தகைய விதிகளைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள்: வேறுபாட்டை மூடிமறைத்துவிட்டுப் புன்னகை பரிமாறுகிறீர்கள் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் ஒரு நிபந்தனையோடு. தள்ளிவைத்த கேள்விக்கு வேறோர் இடம் உண்டு என்று சொல்லி, அந்த இடத்தை உண்மையிலேயே கொடுக்க வேண்டும். இங்கே அடுத்த ஞாயிறு பங்குத்தந்தை ஒரு மணி நேரம் அதற்கே ஒதுக்கினார். "இங்கே கேட்க வேண்டாம்" என்று ஒதுக்கிய தாள்கள் எல்லாம் அன்று படிக்கப்பட்டன, அந்தப் பையனின் கேள்விதான் முதலில். இன்னொரு பயனும் வந்தது. ஒருசந்தி, அதாவது நாளில் ஒரு வேளை மட்டும் முழு உணவு, திருச்சபைச் சட்டப்படி 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான், 59 வயது முடியும்வரை. சுத்தபோசனம், அதாவது இறைச்சியைத் தவிர்ப்பது, 14 வயது நிறைந்தால். ஒருசந்திக்குக் கட்டாய நாட்கள் ஆண்டுக்கு இரண்டே, சாம்பல் புதனும் புனித வெள்ளியும். தவக்காலம் முழுக்கக் கறி எடுக்காத வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் பலருக்கு இது அன்றுதான் தெரியும். பேரவையில் கவலைப்பட்ட பெரியவர் கேட்ட மறைக்கல்விக்கு இமாமின் உரைதான் வழி திறந்தது.

2026-லும் சாம்பல் புதனும் ரமலானும் பிப்ரவரியில் ஒரே வாரத்தில் வந்தன. அதற்காகக் கடிதத்தைத் திரும்ப எடுத்தபோது மூன்று திருத்தங்கள் செய்தார்கள். உரை 25 நிமிடம் என்றிருந்ததை 20 ஆக்கினார்கள், ஏனென்றால் நோன்போடு வருபவரின் தொண்டை கடைசி ஐந்து நிமிடத்தில் தளர்ந்தது. உடல் சார்ந்த சட்டங்கள் பேச்சில் வரலாம் என்று பெற்றோருக்கான நகலில் ஒரு வரி சேர்ந்தது. மூன்றாவது, ஜமாஅத்தின் இளைஞர்கள் தங்களுக்கும் தவக்காலத்தைப் பற்றி யாராவது வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்ததால், "இதே விதிகளின்படி எங்களையும் நீங்கள் அழைக்கலாம்" என்று கடிதத்தின் அடியில் எழுதினார்கள்.